திருத்தும் உரிமை எங்கிருந்து வருகிறது?
மாணவர் அறிக்கையிலும் சிறுவணிக ஆவணத்திலும் பிழைதிருத்துநரின் எல்லை

1. வினா

கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவரின் ஆய்வறிக்கையும், செக்கு எண்ணெய் விற்கும் கடைக்காரர் ஒருவரின் விலைக் கடிதமும் ஒரே மேசைக்கு வருகின்றன. அங்கே இருப்பவர் தமிழில் பட்டம் பெற்றவர். இரண்டையும் கொடுப்பவர்கள் 'பிழை இல்லாமல் பார்த்துக் கொடுங்கள்' என்ற ஒரே வேண்டுகோளைத்தான் வைக்கிறார்கள். எது பிழை என்பதையும், அதைத் திருத்துநரே மாற்றுவதா எழுதியவரைக் கேட்பதா என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. அந்த முடிவு முழுவதும் திருத்துநரின் பொறுப்பில் விடப்படுகிறது. பிறர் எழுதிய வாக்கியத்தை மாற்றும் உரிமை அவருக்கு எதிலிருந்து கிடைக்கிறது, அது எந்த இடத்தில் முடிகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

அந்த உரிமை இலக்கண அறிவிலிருந்து மட்டும் வருவதில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானால் அந்த மாற்றத்துக்குப் பிரதியிலேயே சான்று இருக்க வேண்டும். சான்று ஒரே வாசிப்பை மட்டும் தாங்கினால் திருத்தலாம். இரண்டு வாசிப்புகளைத் தாங்கினால் கேட்க வேண்டும். எதையுமே தாங்காவிட்டால் இடைவெளியைச் சுட்டிக்காட்டிவிட்டு நிற்க வேண்டும். தமிழ் படித்தவருக்கு இது புதிய நெறி அன்று. சுவடிப் பதிப்பு வரலாற்றில் அவர் ஏற்கெனவே கற்ற நெறிதான். அதை அன்றாட ஆவணங்களுக்கும் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வாதத்தை விளக்க இரண்டு மாதிரிப் பத்திகள் கீழே ஆராயப்படுகின்றன. இரண்டும் இக்கட்டுரைக்காக அமைக்கப்பட்டவை; அவற்றில் உள்ள பிழைகள் இவ்வகை ஆவணங்களில் வழக்கமாகக் காணப்படுபவை.

2. வழக்கிலுள்ள இரண்டு புரிதல்கள்

பிழைதிருத்தம் பற்றி நம்மிடையே இரண்டு புரிதல்கள் உள்ளன. முதலாவது, பிழை என்றாலே ஒற்றுப்பிழை என்று கொள்வது. நன்னூலின் புணர்ச்சி விதிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்த தலைமுறைகள் வழியாக இது நிலைபெற்றது. 'வட்டிக்கு கடன்' என்று இருந்தால் நான்காம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் மிகும் என்று சொல்லி 'வட்டிக்குக் கடன்' ஆக்குவது இதன் இயல்பு. தேவையான பணிதான். எனினும் ஒற்று மட்டும் தேடும் கண், எழுத்தைப் பார்த்துக்கொண்டே வாக்கியத்தைத் தவறவிடும். 'குழுக்கள் ஒழித்துள்ளது' என்ற தொடரில் ஒற்று சரியாக இருக்கிறது. எழுவாய் பன்மையாகவும் பயனிலை ஒருமையாகவும் இருப்பதால் வாக்கியம் பிழைபட்டிருக்கிறது.

இரண்டாவது புரிதல், திருத்துநர் நடையை அழகாக்குபவர் என்பது. இதன்படி தடுமாறும் வாக்கியம் செம்மையாக மாற்றி எழுதப்படுகிறது; திரும்ப வரும் சொல்லுக்கு வேறு சொல் இடப்படுகிறது; விளங்காத இடம் ஊகத்தால் நிரப்பப்படுகிறது. கொடுத்தவர் மகிழ்கிறார், ஆனால் அவர் எழுதாத ஒன்றை அவருடைய பெயரில் எழுதியாகிவிட்டது. முதல் புரிதல் திருத்துநரின் பணியை மிகச் சிறிதாக்குகிறது, இரண்டாவது எல்லையின்றிப் பெருக்குகிறது. இரண்டிலும் ஒரே குறை உண்டு. 'இந்த மாற்றத்துக்கு என்ன ஆதாரம்?' என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை.

ஒற்று விதியே இக்கேள்வியை வேண்டி நிற்கிறது. 'விதிகளைக் கடைபிடிக்க வேண்டும்' என்று எழுதப்பட்டால் 'கடைப்பிடிக்க' என்று திருத்துகிறோம். அங்கே 'விதிகள்' என்ற சொல் சான்றாக நிற்பதால் வேறு பொருளுக்கு இடமில்லை. 'பேருந்து நிலையம் அருகே கடை பிடித்தோம்' என்ற வாக்கியத்தில் ஒற்றைச் சேர்த்தால், வாடகைக்குக் கடை எடுத்த செய்தி பொருளற்றுப் போகும். இரண்டு இடத்திலும் எழுத்துகள் ஒன்றே. ஒற்று வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த எழுத்துகள் தாமே தீர்மானிக்கவில்லை. சுற்றியுள்ள சொற்கள் தீர்மானிக்கின்றன. புணர்ச்சி விதியைச் செலுத்துவதற்கு முன்பே பொருள் தெரிந்திருக்க வேண்டும். பொருளுக்குச் சான்று பிரதியில் இருந்தாக வேண்டும்.

3. சுவடிப் பதிப்பு தரும் நெறி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள் இதே சிக்கலை மிகக் கடுமையான வடிவில் சந்தித்தார்கள். ஏட்டில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரமும் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றின. ஒரே எழுத்துத் தொடரைப் பலவாறு படிக்க முடிந்தது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தமக்குச் சரி என்று பட்டதை அச்சிடுவதோடு நிற்கவில்லை. பிற ஏடுகளில் கண்ட பாட வேறுபாடுகளையும் பதிவு செய்தார். புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றின் எண்கள் வெற்றிடமாகவே உள்ளன. பல பாடல்களில் சிதைந்த அடிகள் புள்ளிகளால் காட்டப்பட்டுள்ளன. தமிழில் ஆழ்ந்த புலமை உடைய ஒருவருக்கு அந்த அடிகளை யாப்புக்குப் பொருந்த நிரப்புவது இயலாத காரியம் அன்று. நிரப்பவில்லை என்பதே அப்பதிப்பின் நம்பகத்தன்மைக்கு அடிப்படை.

இங்கிருந்து மூன்று பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது முதலாவது. சான்று இல்லாத இடத்தை நிரப்பக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: சாட்சிகளை எண்ணக் கூடாது, எடை போட வேண்டும். ஒரே மூல ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த ஐந்து ஏடுகள் ஒரே பாடத்தைக் காட்டினால் அவை ஐந்து சாட்சிகள் ஆகா. மூல ஏட்டில் இருந்த பிழை ஐந்திலும் தொடர்ந்திருக்கும். ஆவணத்தில் எண்களைச் சரிபார்க்கும்போது இம்மூன்றாம் பாடம் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. சங்கப் புலவரை அழைத்துக் கேட்க முடியாது. மாணவியையும் கடைக்காரரையும் கேட்க முடியும். பதிப்பாசிரியர் வேறு வழியின்றி ஊகிக்க வேண்டியிருந்த இடங்களில் இன்றைய திருத்துநருக்கு ஊகிக்கும் தேவையே இல்லை. அதனால் அவருடைய உரிமை பதிப்பாசிரியரின் உரிமையைவிடக் குறைகிறது. கேட்கும் கடமை கூடுகிறது.

4. மாணவர் அறிக்கை: ஒரு பத்தி

நகராட்சிச் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களின் கடன் நிலை பற்றிய அறிக்கை ஒன்றில் இப்படி ஒரு பத்தி வருவதாகக் கொள்வோம்: 'ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட 120 பேரில் 54 பேர் (45 விழுக்காடு) தினசரி வட்டிக்கு கடன் வாங்கியவர்கள். 42 பேர் (35 விழுக்காடு) சுயஉதவி குழுவில் கடன் பெற்றவர்கள். மீதமுள்ள 26 பேர் (20 விழுக்காடு) கடன் வாங்கவில்லை. எனவே சுயஉதவி குழுக்கள் கந்துவட்டியை ஒழித்துள்ளது என்பது தெரிய வருகிறது.'

மொழி அளவில் மாற்ற வேண்டியவை தெளிவானவை. 'வட்டிக்குக் கடன்', 'சுயஉதவிக் குழு', 'ஒழித்துள்ளன' ஆகிய மூன்றிலும் வேறு வாசிப்புக்கு இடமில்லை. இவற்றைத் திருத்துநர் தாமே செய்யலாம். மாற்றம் தெரியும்படி செய்தால் மாணவி தம் மொழியையும் கற்றுக்கொள்வார்.

அடுத்தது எண். 54, 42, 26 மூன்றையும் கூட்டினால் 122 வருகிறது. ஆய்வில் இருந்தவர்களோ 120 பேர். எந்த எண் தவறு? 120-இல் 45 விழுக்காடு 54. 35 விழுக்காடு 42. 20 விழுக்காடு 24. முதல் இரண்டு எண்களும் தத்தம் விழுக்காட்டோடு ஒத்துப்போகின்றன. மூன்றாவது மட்டும் முரண்படுகிறது. 120-இலிருந்து 96-ஐக் கழித்தாலும் 24-தான் வருகிறது. '20 விழுக்காடு' என்பது 26-ஐ வைத்துக் கணக்கிட்டதாக இருக்க முடியாது. அது வேறோர் எண்ணிலிருந்து வந்தது. ஆகவே அது 24-க்குத் தனிச் சாட்சி. இருவகைக் கடனும் வாங்கியவர்கள் இரண்டு இடத்திலும் எண்ணப்பட்டதால் கூட்டுத்தொகை மிகுந்திருக்கலாமோ என்ற ஐயத்தை 'மீதமுள்ள' என்ற சொல் விலக்குகிறது. பிரதியின் சான்று 24-ஐ நோக்கி வலுவாகவே நிற்கிறது. இருந்தும் திருத்துநர் அதைப் பரிந்துரையாக எழுதி, பூர்த்தி செய்யப்பட்ட வினாநிரல்களை எண்ணிப் பார்க்குமாறு மாணவியைக் கேட்க வேண்டும். கள ஆய்வில் மூல ஏடு அந்த வினாநிரல்கள்தாம். அறிக்கை அவற்றின் படி. மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது படியைக் கொண்டே முடிவு செய்வது சரியன்று.

மூன்றாவது, சொல். முதல் வாக்கியத்தில் 'தினசரி வட்டி', கடைசி வாக்கியத்தில் 'கந்துவட்டி'. அறிக்கையின் இன்னோர் இயலில் 'தண்டல்' என்ற சொல்லும் வரக்கூடும். ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்ற சீர்மை விதியைப் பின்பற்றும் திருத்துநர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுவார். மூன்றும் ஒரே பொருள்தானா என்பதுதான் கேள்வி. நாள்தோறும் தவணை வசூலிக்கும் கடன் என்பது கொடுக்கல் முறையைச் சுட்டுகிறது. கந்துவட்டி என்பது அளவுமீறிய வட்டி என்ற மதிப்பீட்டைச் சுட்டுகிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்திருப்பதால் அது ஒரு குற்றச்சாட்டும் ஆகிறது. 'தினசரி வட்டி' என்று எழுதிய இடமெல்லாம் 'கந்துவட்டி' ஆனால், மாணவி அளக்காத வட்டி வீதத்தைப் பற்றி அவர் பெயரில் தீர்ப்பு எழுதியதாகும். தலைகீழாக மாற்றினால், அவர் உண்மையிலேயே கண்டறிந்த ஒன்று மறைந்துபோகும். எனவே ஓரக்குறிப்பு இப்படி அமைய வேண்டும்: 'இவ்விரு சொற்களும் ஒரே கடன்முறையைக் குறிக்கின்றனவா? ஆம் எனில் எதை வைத்துக்கொள்ளலாம்? இல்லை எனில் வேறுபாட்டை எங்கே விளக்கியுள்ளீர்கள்?'

நான்காவது, முடிவு. கடன் வாங்கியவர்களில் குழுவில் வாங்கியவர்களைவிடத் தினசரி வட்டிக்கு வாங்கியவர்களே அதிகம். அப்படியிருக்க, குழுக்கள் அந்த வட்டியை ஒழித்துவிட்டன என்பதற்கு இப்பத்தியில் எந்த ஆதாரமும் இல்லை. மொழிநடையில் தேர்ந்த திருத்துநர் 'ஒழித்துள்ளன' என்பதை 'ஓரளவு குறைத்துள்ளன' என்று மெல்ல மாற்றிவிடலாம். அப்போது வாக்கியம் நம்பத்தக்கதாகத் தோன்றும். ஆனால் குறைந்தது என்று சொல்வதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். அந்தத் தரவும் இங்கே இல்லை. ஆதாரமற்ற முடிவு ஒன்றை எடுத்துவிட்டு, அதே அளவு ஆதாரமற்ற, ஆனால் கண்ணில் படாத முடிவு ஒன்றை வைப்பதாகவே அது முடியும். இதுவே நல்லெண்ணத்தோடு செய்யப்படும் திருத்தங்களில் மிகுந்த கேடு தருவது. நெறியாளரும் தேர்வாளரும் கண்டுபிடித்துக் கேட்டிருக்க வேண்டிய குறையை அது மூடிவிடுகிறது. இங்கே திருத்துநர் எழுதக்கூடியது ஒரு கேள்வி மட்டுமே: 'இம்முடிவு மேற்கண்ட எண்களிலிருந்து எவ்வாறு பெறப்படுகிறது?'

மேற்கோள்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நேர்காணலில் ஒரு பெண் 'எங்க வீட்டுக்காரரு குடுக்கமாட்டாரு' என்று சொன்னது மேற்கோள் குறிக்குள் இருந்தால், அதை 'கணவர் கொடுப்பதில்லை' என்று செம்மைப்படுத்தக் கூடாது. அது மாணவியின் வாக்கியமே அன்று. இதற்கு எதிரான தவறும் உண்டு. வேறு நூலிலிருந்து எடுத்த பத்தியைச் சொற்களை மாற்றி எழுதி, ஒப்புமை விழுக்காட்டைக் குறைத்துத் தரும்படி கேட்கப்படுவதுண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால் திருத்திச் சமர்ப்பிக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே அப்பத்திக்கு மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் இட வேண்டும் என்று சொல்வதே திருத்துநரின் வேலை. சொற்களை மட்டும் மாற்றித் தருவது மூல ஆசிரியரின் பெயரை அழிக்கும் வேலை.

5. வணிக ஆவணம்: ஒரு கடிதம்

கடைக்காரரின் கடிதத்தில் உள்ள பகுதி இது: '15 கிலோ நல்லெண்ணெய் டின் ஒன்றுக்கு ரூ. 5,250 வீதம் 20 டின்னுக்கு ரூ. 1,05,000 (ரூபாய் ஒரு லட்சத்து ஐநூறு மட்டும்). சரக்கு தயாரானதும் விற்பவர் வாங்குபவருக்குத் தெரிவிப்பார். வண்டி வாடகை அவரைச் சேர்ந்தது. பழைய டின்களும் மூடிகளும் திரும்பப் பெற்றுக்கொள்ளப்படும்.'

ஒற்றுப் பார்க்கும் கண்ணுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 'ஐநூறு' என்பதை 'ஐந்நூறு' ஆக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் எண்ணில் உள்ள தொகையும் எழுத்தில் உள்ள தொகையும் வேறுவேறு. எழுத்தில் இருப்பது 1,00,500. முதல் பார்வையில் எண்ணே சரி என்று தோன்றும். 5,250-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,05,000 வருகிறது. அலகு விலையும் மொத்த விலையும் ஆக இரண்டு சாட்சிகள் ஒரு பக்கம், எழுத்தில் உள்ள தொகை மட்டும் மறுபக்கம் என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றும்.

சுவடிப் பதிப்பின் மூன்றாம் பாடம் இங்கே தேவைப்படுகிறது. மொத்த விலை அலகு விலையிலிருந்து கணக்கிடப்பட்டது. அலகு விலை தவறாகத் தட்டச்சாகியிருந்தால் மொத்தமும் அதே தவறைச் சுமக்கும். அவை ஒரே ஏட்டின் இரண்டு படிகள். தனித்தனிச் சாட்சிகள் அல்ல. உண்மை விலை 5,025 ஆக இருந்து, சுழியம் இடம் மாறி 5,250 ஆகியிருந்தால்? 5,025-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,00,500 வருகிறது, எழுத்தில் உள்ள தொகை அப்படியே. ஆக, இப்பிரதி இரண்டு வாசிப்புகளையும் சம வலிமையோடு தாங்குகிறது. மாணவியின் அட்டவணையில் விழுக்காடு தனிச் சாட்சியாக நின்றது; இங்கே அப்படி ஒன்றும் இல்லை. திருத்துநர் எழுத்தை எண்ணுக்கு ஏற்ப மாற்றினாலும், எண்ணை எழுத்துக்கு ஏற்ப மாற்றினாலும், 4,500 ரூபாயை ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு நகர்த்துகிறார். காசோலை போன்ற ஆவணங்களில் இரண்டும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. எழுத்தில் உள்ள தொகை வெறும் சம்பிரதாயம் அன்று என்பதற்கு இதுவே போதும். இக்கடிதம் காசோலை அன்று. ஆகவே அந்தப் பிரிவைக் கொண்டும் திருத்துநர் தாமே முடிவு செய்ய இயலாது. கேட்பதுதான் வழி. கேள்வியில் இரண்டு விலையையும் கணக்கோடு எழுதிக் காட்டினால் கடைக்காரர் ஒரு நொடியில் பதில் சொல்லிவிடுவார்.

அடுத்த வாக்கியத்தில் 'அவர்' யார்? விற்பவரும் வாங்குபவரும் முந்தைய வாக்கியத்தில் இருக்கிறார்கள், இருவரும் 'அவர்'தான். எழுவாயை வைத்துப் பார்த்தால் விற்பவர், அருகில் உள்ள பெயரை வைத்துப் பார்த்தால் வாங்குபவர். இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கிறது. வாக்கியத்தில் பிழையே இல்லாத இடத்தில் சச்சரவு பிறக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. திருத்தம் மிக எளிது, 'அவரை' என்பதற்குப் பதில் 'வாங்குபவரை' அல்லது 'விற்பவரை' என்று எழுதினால் போதும். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்வது திருத்துநரின் வேலை அன்று. 'பழைய டின்களும் மூடிகளும்' என்பதும் அப்படியே. 'பழைய' என்ற அடை மூடிகளுக்கும் உரியதா, டின்களுக்கு மட்டுமா? பழைய டின்களையும் பழைய மூடிகளையும் என்று ஒருவர் படிப்பார். எந்த மூடியானாலும் என்று இன்னொருவர் படிப்பார். பணம் தந்து திரும்பப் பெறுவதா, இலவசமாகவா என்பது பற்றிப் பிரதியில் ஒரு சொல்லும் இல்லை. விலையில் வரி அடங்குமா என்பதும் இல்லை. இவை ஏட்டின் சிதைந்த அடிகளைப் போன்றவை. 'வரி உட்பட' என்று சேர்த்தால் ஆவணம் முழுமையாகத் தோன்றும், ஆனால் அதைச் சொன்னது விற்பவர் அல்லர். சேர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக் காட்டுவதோடு திருத்துநரின் பணி முடிகிறது.

6. படிக்கும் முறை

இந்நெறி வேலையின் வரிசையையும் மாற்றுகிறது. ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாது. ஒற்றைப் பார்க்கும்போது எண் நழுவும். முதல் வாசிப்பில் பெயர்கள், எண்கள், தேதிகள், அட்டவணைகள் மட்டும். கூட்டல்களைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாசிப்பில் வாக்கியம்: எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா, 'அவர்', 'அது', 'மேற்கண்ட' போன்றவை எதைச் சுட்டுகின்றன என்பன. எழுத்தும் ஒற்றும் அதற்குப் பிறகே. 'நாட்கள், நாள்கள்', 'வாழ்த்துக்கள், வாழ்த்துகள்' போன்ற கருத்து வேறுபாடுள்ள வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்து குறித்துவைத்துக்கொண்டு ஆவணம் முழுவதும் அதையே காக்க வேண்டும். இறுதியாக, திருத்தங்கள் ஏறிய மெய்ப்பைக் குறியிட்ட பிரதியோடு ஒப்புநோக்க வேண்டும். திருத்தத்தை ஏற்றும்போதும் புதிய பிழைகள் பிறக்கின்றன.

கணினியின் தேடல் வசதி இதில் உதவும், ஆனால் தமிழில் அதற்கு எல்லை உண்டு. 'தண்டல்' என்று தேடினால் 'தண்டலுக்கு', 'தண்டலை' ஆகியவை அகப்படா. உருபு ஏறியதும் இறுதி மெய் உயிர்மெய்யாகிவிடுகிறது. 'தண்டல' என்று புள்ளி இல்லாமல் தேடினால் எல்லாம் கிடைக்கும். இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. 'கௌரவம்' என்பதை ஔகாரக் குறியோடு தட்டச்சு செய்வதும், ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து 'கெளரவம்' என்று தட்டச்சு செய்வதும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரு வேறு சொற்கள். தேடலில் ஒன்று விடுபடும், அகர வரிசையில் இடம் மாறும். ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றிய ஏட்டின் சிக்கல் புதிய வடிவில் திரும்ப வந்திருக்கிறது என்றே இதைச் சொல்ல வேண்டும். அகர வரிசையில் துணைநூற்பட்டியல் அமைக்கும் ஆய்வேடுகளில் இதைத் தனியாகத் தேடித் திருத்துவது அவசியம்.

7. எதிர்வாதங்கள்

இந்நெறிக்கு மூன்று எதிர்வாதங்கள் எழலாம். முதலாவது நடைமுறை சார்ந்தது: நாளை அறிக்கையைக் கட்டடம் செய்யக் கொடுக்க வேண்டிய மாணவிக்கும், இன்றே கடிதம் அனுப்ப வேண்டிய கடைக்காரருக்கும் வேண்டியது முடிந்த பிரதி, கேள்விப் பட்டியல் அன்று. இது நியாயமான கவலை. ஆனால் மேலே கண்ட பத்தியில் கேள்வியாக மாறியவை மூன்றுதான், கடிதத்தில் ஐந்து. மொழித் திருத்தங்களுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேள்விகளை ஆங்காங்கே சிதறவிடாமல் ஒரே தாளில் வரிசையாக, 'ஆம், இல்லை' என்றோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தோ பதில் சொல்லும்படி எழுதினால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும். கேட்காமல் விட்ட 4,500 ரூபாய் வேறுபாட்டைப் பின்னர்த் தீர்ப்பதற்கு அதைவிட நெடுநேரம் ஆகும்.

இரண்டாவது எதிர்வாதம் அறம் சார்ந்தது, ஆழமானது. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு எழுத்துத் தமிழ் எளிதில் கைவருவதில்லை. பேசத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாத ஒருவரிடம் 'இது உன் வேலை' என்று சொல்லி விலகுவது, வீட்டிலேயே எழுத்துப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் சாதகமாகாதா? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மொழித் தடையால் ஒருவருடைய கண்டுபிடிப்பு மதிப்பிழக்கக் கூடாது என்பதால்தான் மொழி அளவிலான திருத்தத்துக்கு இக்கட்டுரை தடை எதுவும் விதிக்கவில்லை. சிக்கிக்கொண்ட வாக்கியத்தைப் பிரித்து எழுதலாம். சொல்ல வந்தது தெளிவாக இருக்கும்போது அதைச் சொல்ல உதவலாம். என்ன சொல்வது என்பதைத் தீர்மானித்துத் தருவதுதான் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 'இம்முடிவு எவ்வாறு பெறப்படுகிறது?' என்ற கேள்வி அம்மாணவரைச் சிந்திப்பவராக மதிக்கிறது. அவருக்காக முடிவை மாற்றி எழுதித் தருவது அந்த மதிப்பை அவரிடமிருந்து பறிக்கிறது. ஒரு விதிவிலக்கும் உண்டு: மொழித்திறனே மதிப்பிடப்படும் தமிழ்ப் பாட ஒப்படைப்புகளில் மொழித் திருத்தமும்கூட ஆசிரியருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்த வாசகம் வழக்கறிஞரின் துறை, மொழிப் பட்டதாரி அதில் தலையிடலாமா என்பது. சட்டப்படி எந்த வாசகம் யாருக்கு நன்மை தரும் என்று சொல்வது நிச்சயமாக அவர் வேலை அன்று. ஆனால் ஒரு வாக்கியம் இரண்டு பொருள் தருகிறது என்று காண்பது மொழித் துறையின் வேலை. வழக்கறிஞரைத் தேடிப் போகாத சிறுவணிகரின் தாளில் அந்த இரட்டைப் பொருளைக் காணக்கூடிய பயிற்சி பெற்றவர் பெரும்பாலும் இவர் ஒருவரே. காண்பது அவர் பொறுப்பு, தேர்வது இரு தரப்பினரின் பொறுப்பு, சட்ட விளைவைச் சொல்வது வழக்கறிஞரின் பொறுப்பு. இந்த மூன்றையும் பிரித்து வைத்தால் துறைகள் மோதுவதில்லை.

8. முடிவு

திருத்துநரின் திறமையை அவர் செய்த மாற்றங்களின் எண்ணிக்கையால் அளப்பது வழக்கம். இங்கே ஆராய்ந்த இரண்டு பிரதிகளும் வேறோர் அளவைத் தருகின்றன. மாணவியின் பத்தியில் 26-ஐ 24 என்று பரிந்துரைக்கவும், கடைக்காரரின் கடிதத்தில் அதே போன்ற முரணைத் தொடாமல் விடவும் ஒரே நெறிதான் காரணம். முதலாவதில் தனிச் சாட்சி இருந்தது, இரண்டாவதில் இல்லை. இந்த வேறுபாட்டைக் காணும் பயிற்சி தமிழ் படித்தவரிடம் பாட வேறுபாடுகளின் வடிவில் முன்பே இருக்கிறது. அதைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் செய்தியாகக் கருதாமல், சந்தைப் பெண்களின் கடன் கணக்கையும் இருபது எண்ணெய் டின்களின் விலையையும் படிக்கும்போதும் கையாள வேண்டும். அவர் கையிலிருந்து திரும்பும் தாளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதே தாளில் ஆதாரம் இருக்கட்டும். ஆதாரம் இல்லாத இடத்தில் எழுதியவருக்கு ஒரு கேள்வி இருக்கட்டும்.